டின் நிறைய டில் ஸ்லிப்பும் ஒரு பொதுக் கணக்கும்

கேள்வி:

அக்கா, எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகிறது. தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பிடித்தம் போக என் கைக்கு வருவது 13,500 ராண்ட், அவருக்கு 31,500. வீட்டுச் செலவு மாதம் 22,000 ஆகிறது. பொதுவாக ஒரு கணக்கு திறந்து ஆளுக்குப் பாதி போடலாம், அதுதான் நியாயம் என்கிறார் அவர். எனக்குக் கணக்குத் திறப்பதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் பாதி போட்டுவிட்டால் என் கையில் பஸ் காசுதான் மிஞ்சும். வாய் திறந்து சொன்னால் காசு பார்க்கிறவள் என்று நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அவர் தன் அம்மாவுக்கும் மாதா மாதம் கொடுக்கிறார், அதை நான் குறை சொல்லவில்லை. இதையெல்லாம் எப்படிப் பேசி முடிப்பது?

பதில்:

தங்கச்சி, உன் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதற்கு முன் ஒரு ஜோடியின் கதையைச் சொல்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் 20 வருடமாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். என் மேசைக்கு வருகிற இளம் ஜோடிகள் பணம் போதவில்லை என்று வருவது குறைவு. பணம் எங்கே போனது என்று ஒருவரை ஒருவர் கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். இந்த ஜோடியும் அப்படித்தான் வந்தது. அவனை லோகன் என்றும் அவளைத் தேவி என்றும் வைத்துக்கொள்வோம். நிஜப் பெயர்கள் வேறு.

ஒரு ஏப்ரல் மாதம் சனிக்கிழமை காலை வந்தார்கள். தேவியின் மடியில் ஒரு பிஸ்கட் டின். திறந்தால் உள்ளே டில் ஸ்லிப்புகள், சுருண்டும் கசங்கியும். சிலவற்றில் மை மங்கி எழுத்தே இல்லை. மாதம் முழுக்கச் சேர்த்து வைத்திருக்கிறாள். “யார் எவ்வளவு செலவு பண்றாங்கன்னு காட்டணும்ல அக்கா” என்றாள். லோகன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

நடந்தது இது. மார்ச்சில் பொதுக் கணக்கு திறந்து 25ஆம் தேதி சம்பளம் வந்ததும் ஆளுக்கு 8,800 போட்டார்கள். மொத்தம் 17,600. முதல் சில நாளில் கரண்ட், தண்ணி, இன்டர்நெட், ஈமச்சடங்கு பாலிசி, பெரிய மளிகைச் சாமான் என்று 5,700 போனது. மீதி 11,900. மாதக் கடைசி சனிக்கிழமை லோகன் ஃபோனில் பார்த்தான், 11,900 இருக்கிறது. நண்பர்கள் வருகிறார்கள் என்று பிராய்க்கு இறைச்சியும் குடிப்பதற்குமாக 1,400 ராண்ட் செலவழித்தான். அதே நேரம் தேவி வேறொரு மாலில் நின்றுகொண்டு தன் ஃபோனில் பார்த்தாள். அவளுக்கும் 11,900 காட்டியது. காய்கறியும் ஹாலுக்குத் திரைச்சீலையும் சேர்த்து 2,400. ஒன்றாம் தேதி வாடகைக்கான டெபிட் ஆர்டர் 8,200க்கு வந்தது. கணக்கில் இருந்தது 8,100.

100 ராண்ட் குறைந்ததால் வாடகை திரும்பிப் போனது. வங்கி அதற்கு ஒரு கட்டணம் பிடித்தது. வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பினார். அந்த ஒற்றைக் கேள்விக்குறிதான் தேவியை அழ வைத்தது. அவர்கள் சண்டை பிராய்க்கும் திரைச்சீலைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தது. என்னைக் கேட்டால் இரண்டுமே குற்றவாளி இல்லை. ஃபோன் காட்டும் இருப்பில் ஒன்றாம் தேதி போகப் போகிற 8,200ம் சேர்ந்தே தெரிகிறது. இரண்டு பேரும் அந்த ஒரே எண்ணைத் தனித்தனியாகத் தனக்கே என்று படித்துவிட்டார்கள். தனியாக இருக்கும்போது போகப் போகிற பணத்தை மனசுக்குள் கழித்துக்கொள்வோம். இரண்டு பேராகும்போது கழிப்பது மற்றவர் வேலை என்று ஆகிவிடுகிறது.

டின்னை மூடச் சொன்னேன். ஸ்லிப்பை வைத்து யார் தப்பு என்று தேட ஆரம்பித்தால் அதற்கு முடிவே இல்லை. சம்பளச் சீட்டை எடுங்கள் என்றேன்.

அங்கேதான் கதை வேறு மாதிரி ஆனது. தேவியின் கைக்கு வருவது 16,000. லோகனுக்கு 21,600. அவனுக்கு உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது. இதுவரை சொல்லாமல் வைத்திருந்தது அன்று வெளியே வந்தது. அவன் சம்பளத்தில் மெடிக்கல் எய்டுக்கு 2,400 பிடிக்கிறார்கள். அது அவனுக்கும் தேவிக்கும் சேர்த்து. வீட்டுச் செலவுதான் அது, ஆனால் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே போய்விடுவதால் யார் கண்ணிலும் படவில்லை. தேவிக்கோ வேறு கோபம்: குறைவாகச் சம்பாதிக்கிற நான் ஏன் சரிபாதி போட வேண்டும்? இரண்டு பேரும் தான்தான் அதிகம் கொடுப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கணக்கைப் போட்டோம். லோகனின் 21,600உடன் அந்த 2,400ஐத் திரும்பச் சேர்த்தால் 24,000. தேவியின் 16,000. மொத்தம் 40,000. ஆக நூற்றுக்கு 60 அவன், 40 அவள். வீட்டுச் செலவிலும் மெடிக்கல் எய்டைச் சேர்த்தால் 17,600 என்பது 20,000 ஆகிறது. அதில் லோகன் பங்கு 12,000, தேவி பங்கு 8,000. லோகன் ஏற்கெனவே 2,400 கட்டிவிட்டான். ஆகவே கணக்கில் அவன் போட வேண்டியது 9,600, அவள் போட வேண்டியது 8,000.

இதுவரை ஆளுக்கு 8,800 போட்டார்கள் அல்லவா? தேவி கூடுதலாகக் கொடுத்தது 800 ராண்ட். அவ்வளவுதான். ஒரு மாதமாக வீட்டில் நடந்த மௌன விரதத்தின் விலை 800 ராண்ட். தேவி முதலில் சிரித்தாள், அப்புறம் அவன்.

எல்லா ஜோடிக்கும் வித்தியாசம் இவ்வளவு சின்னதாக வராது. உன் விஷயத்தில் வராது. 45,000இல் உன் பங்கு நூற்றுக்கு 30. 22,000ஐ அப்படிப் பிரித்தால் நீ 6,600, அவர் 15,400. உன் கையில் 6,900 நிற்கும், அவர் கையில் 16,100. பாதிப் பாதி என்றால் நீ 11,000 போட்டுவிட்டு 2,500ஐ வைத்து மாதத்தை ஓட்ட வேண்டும். அவரிடம் 20,500 இருக்கும். இதை ஒரு காகிதத்தில் எழுதி இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தால் போதும். நீ வாதாட வேண்டியதில்லை. ஆனால் லோகன் மாதிரி உன் கணவர் சீட்டிலும் இரண்டு பேருக்குமான பிடித்தம் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் அதைச் சேர்க்காமல் விகிதம் பேசுவது அவருக்கு அநியாயம்.

விகிதம் பார்ப்பது காசு பார்க்கிற குணம் இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சியும் சொல்கிறேன். இந்த நாட்டில் 1984இல் வந்த திருமணச் சொத்துச் சட்டம், சொத்தைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் தம்பதிகள் வீட்டுத் தேவைகளுக்கு அவரவர் வசதிக்குத் தக்கபடி பங்கு கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. சரிபாதி என்று சொல்லவில்லை. வீட்டுத் தேவைக்கு ஒருவர் வைத்த கடனுக்குக் கடைக்காரர் இரண்டு பேரில் யாரையும் கேட்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அது வேறு பக்கம்.

இங்கே உன் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். நீங்கள் ஏ.என்.சி. எழுதினீர்களா? கல்யாணத்துக்கு முன்னால் நோட்டரியிடம் போய் எழுதும் ஒப்பந்தம் அது. எழுதவில்லை என்றால், பதிவான கல்யாணத்தில் உங்கள் இரண்டு பேர் சொத்தும் கடனும் சட்டப்படி ஒன்று. அவர் துணிக்கடையில் வைத்த பாக்கி உன் பாக்கியும்தான். அப்போது ‘உன் பணம், என் பணம்’ என்று நீங்கள் பிரிப்பதெல்லாம் வீட்டுக்குள் செல்லும் ஏற்பாடு. கடன்காரனுக்கு அது செல்லாது. பிறகு மாற்ற வேண்டுமானால் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும். இன்னொன்று, கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டீர்களா, அல்லது சடங்கு செய்த குருக்கள் உரிமம் பெற்ற திருமண அதிகாரியா, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டீர்களா? நம் ஆட்களில் எத்தனையோ பேர் ஆயிரம் பேரைக் கூப்பிட்டுக் கல்யாணம் செய்துவிட்டு உள்துறை அலுவலகச் சான்றிதழ் இல்லாமல் இருக்கிறார்கள். பொதுக் கணக்குக்கு முன்னால் அந்தச் சான்றிதழை எடுத்துப் பார்.

சரி, கணக்குக்கு வருவோம். பொதுக் கணக்கு என்று நாம் சொன்னாலும் இந்த நாட்டில் பெரும்பாலான வங்கிகளில் அது இரண்டு பேருக்கும் சமமாகச் சொந்தமான கணக்கு இல்லை. ஒருவர் முதல் கணக்குதாரர். மற்றவருக்குக் கார்டும் அனுமதியும் உண்டு, அவ்வளவுதான். நல்ல காலத்தில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

என் சின்னம்மாவுக்குத் தெரிந்தது. சித்தப்பா பெயரில் கணக்கு, சின்னம்மா கையில் கார்டு. 30 வருடம் இரண்டு பேர் சம்பளமும் அதில்தான் விழுந்தது. சித்தப்பா தவறிப்போனதை வங்கிக்குச் சொன்னதும் கணக்கை முடக்கிவிட்டார்கள். அது வங்கிகளின் நடைமுறை, அதில் நான் குறை காணவில்லை. ஆனால் முடங்கிய பணத்தில் பாதி அவள் டீச்சர் சம்பளம் என்பதை அந்தக் கிளையில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொத்தை நிர்வகிக்கும் அதிகாரக் கடிதம் உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்திலிருந்து வரும்வரை காத்திருங்கள் என்றார்கள். 16ஆம் நாள் காரியத்துக்கு அரிசி வாங்க அவள் என்னிடம் கடன் கேட்டாள். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதனால் லோகனுக்கும் தேவிக்கும் நான் சொன்னது இதுதான். சம்பளம் அவரவர் கணக்கிலேயே விழட்டும். பொதுக் கணக்கு ஒரு குழாய் மாதிரி, பணம் வரும், போகும், தேங்கக் கூடாது. யார் முதல் கணக்குதாரர் என்பதை வங்கி மேசையில் முடிவு செய்யாமல் வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். அவர்கள் வீட்டில் தேவி பெயரில் கணக்கு, லோகனுக்குக் கார்டு என்று மாற்றினார்கள். லோகனிடம் ஏற்கெனவே கார் கடன், துணிக்கடைக் கணக்கு என்று இருந்தன. அவர்கள் ஏ.என்.சி. எழுதியவர்கள், அதனால் தன் கடன்காரர்கள் வீட்டு வாடகைப் பணத்தின் பக்கம் வரக்கூடாது என்று அவனே சொன்னான். ஒரு மாத வாடகைக்கான தொகையை லோகன் தன் பெயரில் தனியாக ஒரு சேமிப்பில் போட்டு வைத்தான். தேவிக்கு ஏதாவது ஆகி வீட்டுக் கணக்கு முடங்கினாலும் வீட்டுக்காரருக்குப் பணம் போகும்.

திறக்கப் போகும்போது இரண்டு பேரின் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் பொதுவாகக் கேட்பார்கள். சான்று மூன்று மாதத்துக்கு மேல் பழசாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாடகை ஒப்பந்தமும் கரண்ட் பில்லும் பெரும்பாலும் கணவன் பெயரில்தான் இருக்கும். உன் பெயரில் ஒன்றுமே இல்லை என்றால் என்ன கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போ. ஒரு நாள் லீவு மிச்சம்.

அடுத்து 100 ராண்ட் பிரச்சினை. பொதுப் பணத்தை மூன்றாகப் பிரித்தோம். முதல் பங்கு தானாகப் போகிறவை: வாடகை 8,200, கரண்டும் தண்ணியும் 1,700, இன்டர்நெட் 700, பாலிசி 300. ஆக 10,900. இந்தப் பணம் இருக்கும் கணக்குக்குக் கார்டே கிடையாது. இருந்தால்தானே தேய்க்கத் தோன்றும். வாடகை டெபிட் ஆர்டரை ஒன்றாம் தேதியிலிருந்து 26க்கு மாற்றச் சொன்னேன். வீட்டுக்காரர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார், ஐந்து நாள் முன்னால் பணம் வருகிறது என்றால் யார் வேண்டாம் என்பார்?

இரண்டாவது பங்கு கார்டு உள்ள கணக்கு, அதில் மளிகை, காய்கறி, கேஸ் எல்லாவற்றுக்கும் 5,000. இதில் ஃபோன் காட்டும் எண் உண்மையான எண். பார்த்தது பூராவும் செலவுக்கு உள்ளது. மாதம் நடுவில் 2,000 இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். டில் ஸ்லிப் டின் வேண்டாம் என்றேன். தேவிக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

மூன்றாவது பங்கு, மாதம் 1,700. மாதா மாதம் வராத, ஆனால் வருடா வருடம் கட்டாயம் வந்தே தீருகிற செலவுகளுக்கு. தீபாவளிக்கு 6,000, கார் லைசென்ஸ் டிஸ்க்கும் சர்வீஸும் 5,400, கல்யாணம் காரியம் என்று மொய் வைப்பது 5,000, ஜனவரிக்கு 4,000. கூட்டினால் 20,400. 12ஆல் வகுத்தால் 1,700. இந்த மூன்றாவது பங்கு இல்லாத வீட்டில் பொதுக் கணக்கு டிசம்பரைத் தாண்டாது என்று பந்தயம் கட்டுவேன். அதில் ஜனவரிப் பணத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பல கம்பெனிகள் டிசம்பர் சம்பளத்தை 15ஆம் தேதியே போட்டுவிடுகின்றன. அடுத்த சம்பளம் ஜனவரி 25. ஆக 41 நாள். அதே பணம், ஒரு மாதத்தை விடப் பத்து நாள் அதிகம், நடுவில் கிறிஸ்துமஸ் விடுமுறை, பீச், விருந்தாளிகள். 4,000 ஏன் என்றால் இந்தப் பத்து நாள் சாப்பாட்டுக்கும் அந்த மாதம் கூடும் கரண்டுக்கும்தான். 13வது சம்பளம் வருகிறவர்கள் அதிலிருந்து முதலில் இதை எடுத்து வைத்துவிடலாம்.

புரட்டாசியில் ஒரு வேடிக்கை நடந்தது. மாதம் முழுக்க வீட்டில் இறைச்சி கிடையாது, மளிகைக் கணக்கில் 900 ராண்ட் மிஞ்சியது. லோகன் அதை வைத்து ஒரு சின்ன கேஸ் அடுப்பு வாங்கலாம் என்றான். தேவி விடவில்லை, தீபாவளிப் பங்கில் தள்ளிவிட்டாள். ஏன் என்று அவளைக் கேட்டேன். அதற்குக் காரணம் ஜூலையில் நடந்திருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன், உன் கேள்வியின் கடைசிப் பகுதிக்கும் அதுதான் பதில்.

அவர்கள் எழுதிக்கொண்ட செலவு விதிகள் மூன்றே மூன்று. பொதுக் கணக்கிலிருந்து 800 ராண்டுக்கு மேல் எதற்கும் எடுப்பதற்கு முன் மற்றவரிடம் கேட்பது. 800 என்று ஏன் வைத்தார்கள் என்று கேட்காதே, அவர்கள் சண்டையின் விலை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வைத்தார்கள். இரண்டாவது, அவரவர் கையில் மிஞ்சுவதைப் பற்றி யாரும் யாரையும் கேட்பதில்லை. லோகனிடம் 12,000, தேவியிடம் 8,000. அதில் அவன் பிராய் செய்யட்டும், அவள் திரைச்சீலை மேல் திரைச்சீலை வாங்கட்டும். கல்யாணத்துக்கு முன் வாங்கிய கடனும் அதில்தான் கட்ட வேண்டும். மூன்றாவது, பெற்றோருக்கு மாதா மாதம் கொடுப்பது அவரவர் பங்கிலிருந்து. எவ்வளவு என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். லோகன் தன் அம்மாவுக்கு 2,000 கொடுத்தான். தேவியின் அப்பா பென்ஷன்காரர், வேண்டாம் என்றுவிட்டார்.

ஜூலையில் நல்ல குளிர். லோகன் அம்மா வீட்டுக் கூரையில் கெய்சர் வெடித்து அறைக்குள் தண்ணீர் கொட்டியது. ஆள் வந்து மாற்றிவிட்டு 6,000 என்றான். தேவி வேலையில் இருந்தாள். ஃபோனில் ஒரு செய்தி வந்தது: “அம்மா வீட்டு கெய்சர் போச்சு. 6,000 எடுத்துட்டேன்.” எடுத்தது மூன்றாவது பங்கிலிருந்து.

அன்று மாலை தேவி எனக்கு ஃபோன் செய்தாள். “அக்கா, அத்தை குளிர்ல வென்னீர் இல்லாம இருக்கணும்னு நான் சொல்வேனா? ‘எடுக்கட்டுமா’ன்னு கேட்டிருந்தா ‘எடுங்க’ன்னுதான் சொல்லியிருப்பேன். ‘எடுத்துட்டேன்’ன்னா நான் எதுக்கு அந்தக் கணக்குல?” என்றாள். லோகனைக் கேட்டால் அவன் வேறு சொன்னான்: கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அம்மா அழுகிறாள், அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா? இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. விதியில்தான் ஓட்டை. அவசரத்துக்கு என்ன செய்வது என்று நாங்கள் யாரும் எழுதவில்லை. அதில் என் பங்கும் உண்டு, ஏப்ரலில் நானே கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை எழுதினோம். பெற்றோர் வீட்டு அவசரத்துக்குப் பொதுப் பணத்திலிருந்து ஒரு வருடத்தில் ஒரு பக்கத்துக்கு 3,000 வரை. அவன் அம்மாவானாலும் அவள் அப்பாவானாலும் ஒரே அளவு. இந்த அவசரத்துக்கு மட்டும் எடுத்த பிறகு சொல்லலாம், ஆனால் அன்றே, ஃபோனில் பேசித்தான், செய்தியாக இல்லை. அதற்கு மேல் ஆனால் அது அந்தப் பிள்ளையின் பொறுப்பு. கையில் இல்லை என்றால் பொதுவிலிருந்து கடனாக எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். அப்படிப் பார்த்தால் 6,000இல் 3,000 பொது, 3,000 லோகன் கடன். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்று மாதமும் அவன் ஆயிரம் ஆயிரமாகத் திருப்பிப் போட்டான்.

பொதுவிலிருந்து போன மற்ற 3,000க்கு என்ன செய்தார்கள்? தீபாவளிப் பணம்தான் பாதியாக நின்றது. புரட்டாசி 900ஐத் தேவி ஏன் விடவில்லை என்று இப்போது புரியும். பட்டாசைக் குறைத்தார்கள், பலகாரத்தை வெளியே ஆர்டர் கொடுக்காமல் அவளும் அத்தையும் சேர்ந்து வீட்டிலேயே செய்தார்கள். அடுத்த வருடம் மூன்றாவது பங்கில் மாதம் 500 கூட்டினார்கள். வருடத்துக்கு 6,000, இரண்டு பக்கத்துக்கும் மூவாயிரம் மூவாயிரம். அந்த 500லும் அவன் 300, அவள் 200.

உன் கணவர் அம்மாவுக்குக் கொடுப்பதைக் குறை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது சரிதான். விகிதப்படி பிரித்த பிறகு அவர் கையில் இருக்கும் 16,100இலிருந்து அது போகட்டும். ஆனால் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள், அவசரத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று இப்போதே பேசு. கெய்சர் வெடித்த பிறகு பேச முடியாது. உன் வீட்டுப் பக்கத்துக்கும் அதே தொகை என்று சேர்த்து எழுது, உனக்கு இப்போது தேவையில்லாவிட்டாலும்.

எப்படிப் பேசி முடிப்பது என்று கேட்டிருந்தாய். ‘எனக்குப் போதவில்லை’ என்று ஆரம்பிக்காதே. அப்படி ஆரம்பித்தால் அவர் கூடுதலாக ஒரு ஆயிரம் தருகிறேன் என்பார். அது கைச்செலவுக்குக் கேட்டு வாங்குகிற பணம், மாதா மாதம் கேட்க வேண்டி வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு முன்னால், அதாவது பசிக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் (பேச்சு நீளாமல் இருக்கும்), இரண்டு பேர் சம்பளச் சீட்டையும் மேசையில் வை. அவருடைய பிடித்தங்களை முதலில் நீயே படி. “இது நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்துதானே, இதை உங்க பங்குல கழிச்சுக்கலாம்” என்று நீ முதலில் சொல்லு. அவர் கொடுப்பதை நீ பார்த்துவிட்டாய் என்று தெரிந்த பிறகு, விகிதத்தை அவரே போடுவார். லோகனும் அப்படித்தான் பேனாவைக் கேட்டு வாங்கினான்.

விகிதத்தை வருடத்துக்கு ஒரு முறை, சம்பள உயர்வு வரும் மாதத்தில், திரும்பப் போடுங்கள். வேலை போனாலோ பிரசவ விடுப்பு வந்தாலோ உடனே. விடுப்பில் உனக்கு வருவது குறையும்போது உன் பங்கும் அந்த அளவுக்குக் குறைய வேண்டும். இதையும் அந்தக் காகிதத்தில் ஒரு வரி எழுதிவிடு, அந்த நேரத்தில் நீ களைத்துப்போய் இருப்பாய்.

காகிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு வங்கிக்குப் போங்கள். 25க்கு முன்னால் போய்விட்டால் இந்தச் சம்பளத்திலேயே தொடங்கலாம்.